‘ஒப்பிட்டு’ என்ற சொல்லைத் தவறவிட்ட விடை: கட்டுரை வினா ஒன்றைத் திட்ட அட்டவணையாக மாற்றிய நிகழ்வு ஆய்வு

வினாவும் முதல் விடையும்

கட்டுரைத் தேர்வுக்குப் பயிலும் மாணவர்களுக்கு நான் ஒரு பயிற்சி வினாவைக் கொடுத்திருந்தேன். 20 மதிப்பெண், 45 நிமிடம். வினா இதுதான்:

“பெரியம்மை உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதற்கான காரணங்களை விளக்குக. போலியோ ஒழிப்பு முயற்சியோடு ஒப்பிட்டு, ஒரு தொற்றுநோயை ஒழிக்கத் தடுப்பூசி மட்டுமே போதுமானது என்னும் கருத்தை மதிப்பிடுக.”

இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட விடை, பாடத்தை நன்றாகப் படித்திருந்த ஒரு மாணவியுடையது. அதில் ஒன்பது பத்திகள் இருந்தன. முதல் ஐந்து பத்திகள் பெரியம்மையைப் பற்றியவை: நோயின் அறிகுறிகள், 1796இல் எட்வர்டு ஜென்னர் பசுவம்மையைக் கொண்டு செய்த சோதனை, 1967இல் உலக சுகாதார நிறுவனம் தீவிரப்படுத்திய ஒழிப்புத் திட்டம், 1977இல் சோமாலியாவில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி, 1980 மே மாதம் வெளியான ஒழிப்பு அறிவிப்பு. அடுத்த மூன்று பத்திகள் போலியோவைப் பற்றியவை. ஒன்பதாம் பத்தி மூன்றே வரிகள்: “தடுப்பூசி இல்லாமல் பெரியம்மையை ஒழித்திருக்கவே முடியாது. போலியோவும் தடுப்பூசியால்தான் பெருமளவு குறைந்தது. ஆகவே நோய் ஒழிப்பில் தடுப்பூசி மிகவும் முக்கியமானது.”

இந்த விடையில் தகவல் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நான் இட்ட மதிப்பெண் 20க்கு 9. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, “எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேனே, சார்” என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். எழுதியதில் குறை இல்லை. எழுதியவற்றை வினா கேட்ட வடிவத்தில் அவர் நிறுத்தவில்லை என்பதுதான் குறை. அதை அவருக்குக் காட்டுவதற்காக வினாத்தாளையே வாங்கிப் பார்த்தேன். ‘விளக்குக’, ‘மதிப்பிடுக’ ஆகிய இரண்டு சொற்களின் கீழே கோடு இட்டிருந்தார். ‘ஒப்பிட்டு’ என்ற சொல்லின் கீழே கோடு இல்லை.

“இங்கே ‘ஒப்பிட்டு’ என்று இருக்கிறதே, இதை என்னம்மா செய்தாய்?” என்று கேட்டேன். “போலியோவைப் பற்றித் தனியாக எழுதினேன், சார்” என்றார். முதல் விடை ஏன் 9இல் நின்றது என்பதற்கான காரணத்தில் பாதி அந்த ஒரு பதிலிலேயே இருந்தது.

கட்டளைச் சொல் எப்போதும் ‘க’வில் முடிவதில்லை

தமிழ் வினாத்தாள்களில் கட்டளைச் சொற்கள் பெரும்பாலும் வியங்கோள் வினைமுற்றாக வருகின்றன: விளக்குக, ஒப்பிடுக, ஆராய்க, மதிப்பிடுக, நிறுவுக. ஆகவே ‘க’ என்று முடியும் சொற்களைத் தேடிக் கோடிடும் பழக்கம் மாணவர்களுக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. பழக்கம் தவறன்று, ஆனால் அது முழுமையானதும் அன்று. ஒரே வாக்கியத்தில் இரண்டு பணிகளைக் கேட்கும்போது வினா எழுதுபவர் முதல் பணியை வினையெச்சமாக்கிவிடுகிறார். ‘ஒப்பிட்டு மதிப்பிடுக’, ‘சான்று காட்டி நிறுவுக’, ‘வேறுபடுத்தி விளக்குக’ என்னும் தொடர்களில் வரும் ஒப்பிட்டு, காட்டி, வேறுபடுத்தி ஆகியவையும் கட்டளைகள்தாம்.

இவற்றை வெறுமனே கண்டுபிடிப்பது போதாது. அவை வினையெச்சமாக நிற்பதற்கும் பொருள் உண்டு. எச்சம் தன்னை முடித்துவைக்கும் வினையைச் சார்ந்தே நிற்கும். ‘ஒப்பிடுக, மதிப்பிடுக’ என்று இரு வினைமுற்றுகளாகக் கேட்டிருந்தால், ஒப்பீட்டைத் தனிப்பகுதியாக எழுதி முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம். ‘ஒப்பிட்டு மதிப்பிடுக’ என்று கேட்கும்போது, ஒப்பீடு மதிப்பீட்டுக்கான கருவியாக நிற்க வேண்டும். ஒவ்வொரு ஒப்பீட்டின் முடிவிலும் ‘தடுப்பூசி மட்டுமே போதுமா’ என்ற கேள்விக்கு ஏதாவது ஒன்று கிடைத்திருக்க வேண்டும். நம் மொழியின் இலக்கணமே விடையின் கட்டமைப்பைச் சொல்லித் தருகிறது என்பதை வகுப்பில் போதிய அளவு நாம் சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

கட்டளைச் சொற்களோடு, அவற்றின் எல்லையைக் குறிக்கும் சொற்களையும் கவனிக்க வேண்டும். இந்த வினாவில் அவை ‘மட்டுமே’, ‘போதுமானது’ என்ற இரண்டு. மாணவியின் முடிவுரை, தடுப்பூசி இல்லாமல் முடிந்திருக்காது என்கிறது. அது தடுப்பூசி தேவையானது என்பதற்கான வாதம். வினா கேட்டதோ அது போதுமானதா என்பது. ஒன்று தேவையானதாக இருந்தும் போதாமல் போகலாம். விளக்கு எரியத் திரி வேண்டும், ஆனால் திரி மட்டும் இருந்தால் விளக்கு எரியாது. கேட்காத கேள்விக்குச் சரியான விடை எழுதப்பட்டிருந்ததால், 9 மதிப்பெண்ணுக்கான காரணத்தின் மறுபாதி அங்கே இருந்தது.

அட்டவணை உருவான விதம்

அன்றே அவரோடு அமர்ந்து இதே வினாவுக்கு ஓர் அட்டவணை தயாரித்தோம். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஏழு நிமிடத்துக்குள் கையால் எழுதக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்பதே நான் வைத்த ஒரே நிபந்தனை. ஒரு கட்டளைச் சொல்லுக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் நான்கு கட்டங்கள்: வினாத்தாளில் உள்ளபடியே அந்தச் சொல், அது எதன்மேல் செயல்பட வேண்டும் என்பது, பத்திக்கு அது விதிக்கும் வடிவம், அந்த வடிவத்தை நிரப்பும் சான்று.

அவர் முதலில் வரைந்த அட்டவணை பயன்படவில்லை. மூன்றாம் கட்டத்தில் ‘பெரியம்மை வரலாறு’, ‘போலியோ வரலாறு’, ‘முடிவுரை’ என்று எழுதியிருந்தார். இவை தலைப்புகள், வடிவங்கள் அல்ல. தலைப்புகளைக் கட்டத்துக்குள் எழுதினால் பழைய விடையே கோடு போட்ட தாளில் மறுபடியும் வந்துவிடும். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: கட்டளைச் சொல்லைக் கையால் மறைத்துவிட்டு மூன்றாம் கட்டத்தை மட்டும் படித்துப் பார்க்க வேண்டும். மறைந்திருப்பது எந்தச் சொல் என்று அதிலிருந்தே சொல்ல முடிந்தால் அங்கே இருப்பது வடிவம். முடியாவிட்டால் வெறும் தலைப்பு. ‘போலியோ வரலாறு’ என்ற கட்டத்தைப் படித்தால், மறைந்திருப்பது விவரிக்கவா, விளக்குகவா, ஒப்பிடுகவா என்று யாராலும் சொல்ல முடியாது.

திருத்திய பிறகு அட்டவணை இப்படி அமைந்தது:

| கட்டளைச் சொல் | எதன்மேல் | பத்தியின் வடிவம் | சான்று |
|---|---|---|---|
| விளக்குக | பெரியம்மை ஒழிந்ததற்கான காரணங்கள் | காரணம் → அது செயல்பட்ட வழி → விளைவு; ஒரு பத்திக்கு ஒரு காரணம் | விலங்குகளில் தங்காத நோய்; உலர்த்திய தடுப்பூசி, இருமுனை ஊசி |
| ஒப்பிட்டு (மதிப்பீட்டுக்காக) | பெரியம்மையும் போலியோவும் | ஒரு பத்திக்கு ஓர் அளவுகோல், இரு நோய்களும் அதே பத்தியில், கடைசி வரி ‘மட்டுமே’வுக்கு | நோயாளியைக் கண்டறிதல், எத்தனை தவணை |
| மதிப்பிடுக | ‘தடுப்பூசி மட்டுமே போதுமானது’ | கருத்தின் வலு → அதன் குறை → எது எடை மிகுந்தது → நிபந்தனையோடு தீர்ப்பு | 1796க்கும் 1980க்கும் உள்ள இடைவெளி. சுற்றி வளைத்துத் தடுத்தல் |

‘விளக்குக’ வரிசை எளிதில் நிரம்பியது. ஆனால் அம்புக்குறிகளுக்கு நடுவில் உள்ள ‘செயல்பட்ட வழி’ என்னும் பகுதியை மாணவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘பெரியம்மை விலங்குகளிடம் இல்லை, ஆகவே ஒழிந்தது’ என்று எழுதினால் காரணமும் விளைவும் இருக்கின்றன, இடையில் இருக்க வேண்டிய பாலம் இல்லை. மனிதரிடம் மட்டுமே தங்கும் நோய்க்கிருமிக்கு, மனிதரிடையே பரவும் சங்கிலி அறுந்த பிறகு ஒளிந்திருந்து திரும்பி வர இடமில்லை என்பதை எழுதும்போதுதான் அது விளக்கமாகிறது. உலர்த்திய தடுப்பூசிக்கும் இதே கணக்குத்தான்: திரவ வடிவத் தடுப்பூசி வெப்பத்தில் விரைவாக வீரியம் இழந்துவிடும், உறைய வைத்து உலர்த்தியதால் வெப்பமான பகுதிகளிலும் வீரியம் குறையாமல் கொண்டுசெல்ல முடிந்தது, அதனால் குளிர்பதன வசதி இல்லாத இடங்களையும் திட்டம் எட்டியது. மூன்று வாக்கியங்கள், மூன்று படிகள்.

ஒப்பீட்டு வரிசையில் நேர்ந்த சிக்கல்

அதிக நேரத்தைச் செலவிட்டது இரண்டாம் வரிசையில். மாணவி முதலில் ஐந்து அளவுகோல்களைக் குறித்திருந்தார்: நோயாளியைக் கண்டறிதல், தவணைகளின் எண்ணிக்கை, பரவும் வழி, தடுப்பூசியின் வகை, திட்டம் தொடங்கிய ஆண்டு. 45 நிமிடத் தேர்வில் ஐந்தையும் எழுத முயன்றால் ஒவ்வொன்றும் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். எதை வெட்டுவது என்பதற்கு, வரிசையின் கடைசியில் நாங்கள் எழுதியிருந்த நிபந்தனையே வழி காட்டியது: இந்த அளவுகோல் ‘மட்டுமே’ என்ற சொல்லைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? திட்டம் தொடங்கியது 1967இலா 1988இலா என்பது எதையும் சொல்லவில்லை; அது போயிற்று. பரவும் வழியும் தடுப்பூசியின் வகையும் பயனுள்ளவையே, ஆனால் அவற்றை விரித்தால்தான் பயன் தரும், அவற்றையும் விட்டோம். மிஞ்சியவை இரண்டு.

முதல் அளவுகோலில் அவர் எழுதிய பத்தியின் சாரம் இது. பெரியம்மை கண்டவரின் உடலில் கொப்புளங்கள் வெளிப்படையாகத் தெரியும். நோய் பெரும்பாலும் அவை தோன்றிய பிறகே பிறருக்குப் பரவும். ஆகவே நோயாளியைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தி, அவரோடு பழகியவர்களுக்குத் தடுப்பூசி போட முடிந்தது. போலியோவில் தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு மட்டுமே பக்கவாதம் ஏற்படுகிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் எந்த அறிகுறியும் இல்லாமலே கிருமியைப் பரப்புகிறார்கள். ஆகவே கண்ணால் பார்த்துத் தேடும் முறை அங்கே போதவில்லை, கழிவுநீரைச் சோதித்துக் கிருமியைத் தேட வேண்டியிருக்கிறது. கடைசி வரி: “இரண்டு நோய்களுக்கும் நல்ல தடுப்பூசி உண்டு, வேறுபடுவது, அதை யாருக்குப் போட வேண்டும் என்று கண்டறியும் வாய்ப்பு.” அந்தக் கடைசி வரிதான் இந்தப் பத்தியை ‘ஒப்பிட்டு’ என்ற எச்சத்துக்கு உரியதாக்குகிறது. அது இல்லாவிட்டால் இது நல்ல ஒப்பீடாக மட்டும் நின்றிருக்கும்.

இரு நோய்களையும் ஒரே பத்தியில் வைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். முதல் விடையைப் போல ஒரு நோயை முடித்துவிட்டு மற்றொன்றுக்குப் போனால், ஒப்பிடும் வேலை வாசிப்பவர் தலையில் விழுகிறது. திருத்துபவர் அந்த வேலையைச் செய்துகொள்ளக் கடமைப்பட்டவர் அல்லர். ஒப்பீட்டுப் பத்தி உண்மையிலேயே ஒப்பிடுகிறதா என்பதை அதிலுள்ள இணைப்புச் சொற்களைக் கொண்டே அறியலாம். ‘ஆனால் அங்கே’, ‘இரண்டிலும்’, ‘இதற்கு மாறாக’ போன்ற சொற்கள் பத்திக்குள்ளேயே வர வேண்டும். முதல் விடையின் போலியோப் பத்திகள் மூன்றிலும் இப்படி ஒரு சொல்கூட இல்லை. ‘விளக்குக’ பகுதியில் வர வேண்டிய ‘இதனால்’, ‘ஏனெனில்’ என்பவற்றையும் தேடினேன். ஐந்து பத்திகளில் ஒரே ஓர் ‘இதனால்’ இருந்தது. மற்ற இடங்களில் ‘அதன் பிறகு’ இருந்தது.

ஒரே செய்தி, மூன்று வரிசைகள்

அட்டவணையில் என் கவனத்தை மிகவும் ஈர்த்தது, ஒரே தகவல் எந்த வரிசையில் வைக்கப்படுகிறதோ அதற்கேற்ப வேறு வாக்கியமாக மாறுவதுதான். ஜென்னரின் சோதனை முதல் விடையில் இப்படி இருந்தது: “1796இல் எட்வர்டு ஜென்னர் பசுவம்மையைப் பயன்படுத்திப் பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார்.” இது விவரிப்பு. வினாவில் ‘விவரிக்க’ என்ற சொல்லே இல்லாததால் இந்த வாக்கியத்துக்கு வீடு இல்லை.

‘விளக்குக’ வரிசைக்கு அதை மாற்றி எழுதச் சொன்னேன். “ஜென்னரின் முறையிலிருந்து வளர்ந்த தடுப்பூசி ஒரே தவணையில் பல ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் தந்தது, இதனால் ஒரு பகுதிக்கு ஒருமுறை சென்று வந்தாலே அங்குள்ள பெரும்பாலோரைக் காக்க முடிந்தது” என்று எழுதினார். அதன்பின் ‘மதிப்பிடுக’ வரிசைக்கு எழுதச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு இப்படி எழுதினார்: “ஜென்னர் சோதனை செய்தது 1796இல், ஒழிப்பு அறிவிக்கப்பட்டது 1980இல். தடுப்பூசி மட்டுமே போதுமென்றால், இடையில் கழிந்த 184 ஆண்டுகளுக்குக் காரணம் சொல்ல முடியாது.”

பாடப்புத்தகத்தில் மனப்பாடமாகக் கிடந்த இரண்டு ஆண்டுகள் அந்த இடத்தில் வாதமாக மாறின. தகவல் புதிதாக எதுவும் சேரவில்லை. அது நிற்கும் வரிசை மாறியது, அவ்வளவுதான்.

இந்த வாதத்துக்கு மறுப்பும் உண்டு. அதை அவரிடம் நானே எடுத்து வைத்தேன். அந்த 184 ஆண்டுகளில் பெரும்பகுதியில் இருந்தது வெப்பம் தாங்காத தடுப்பூசி. நல்ல தடுப்பூசி வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் என்ன பதில்? அட்டவணையின் மூன்றாம் வரிசையில் ‘கருத்தின் வலு’ என்று முதலில் வைத்திருப்பது இதற்காகத்தான். எதிர்த்தரப்பின் மிக வலுவான வடிவத்தை முன்வைத்துவிட்டுத்தான் அதன் குறையைக் காட்ட வேண்டும். அவர் கண்டுபிடித்த பதில், திட்டத்தின் பிற்பகுதியில் எல்லோருக்கும் ஊசி போடுவதைவிட, நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து அவரைச் சுற்றியுள்ளவர்களுக்குப் போடும் முறை பரவலை நிறுத்தியது என்பது. அதே தடுப்பூசிதான், தேடுதல் சேர்ந்தபோதுதான் நோய் நின்றது.

அதிலிருந்து அவர் எழுதிய தீர்ப்பு: “தடுப்பூசி இன்றியமையாதது, சுற்றி வளைத்துத் தடுக்கும் முறைக்குக்கூட அதுவே கருவி. ஆனால் நோயைக் கண்டறியும் ஏற்பாடு இல்லாத இடத்தில் அது போதுமானது அல்ல. 1955 முதலே தடுப்பூசி இருந்தும் இன்னும் ஒழியாத போலியோ அதைக் காட்டுகிறது.” முதல் விடையின் முடிவுரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, ‘தேவை’யையும் ‘போதும்’ என்பதையும் இது தனித்தனியே எடை போடுகிறது என்பதுதான்.

மறுமுறை எழுதியபோது

ஒரு வாரம் கழித்து, குறிப்புகள் எதையும் பார்க்காமல் அதே வினாவுக்கு 45 நிமிடத்தில் மீண்டும் எழுதினார். அட்டவணைக்கு எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். நாங்கள் வைத்திருந்த வரம்பைவிட ஒரு நிமிடம் கூடுதல். விடையில் ஏழு பத்திகள்: தீர்ப்பை முன்கூட்டியே சொல்லும் சிறு முன்னுரை, விளக்கத்துக்கு இரண்டு, ஒப்பீட்டுக்கு இரண்டு, மதிப்பீட்டுக்கு இரண்டு. முதல் விடையைவிட இரண்டு பத்திகள் குறைவு, பக்கமும் குறைவு. நான் இட்ட மதிப்பெண் 15. அதே வினாவை இரண்டாம் முறை எழுதியதால் உயர்வின் ஒரு பகுதி பழக்கத்தால் வந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்; ஆகவே எண்ணைவிடப் பத்திகளின் வடிவம் மாறியதையே நான் பொருட்படுத்துகிறேன்.

இழந்த 5 மதிப்பெண்ணில் பெரும்பகுதி கடைசிப் பத்தியில் போயிற்று. நேரத்தை மூன்று வரிசைகளுக்கும் சமமாகப் பங்கிட்டிருந்ததால், மதிப்பீட்டின் இரண்டாம் பத்தி பாதியில் நின்றது. வினாவில் ‘ஒப்பிட்டு’ம் ‘மதிப்பிடுக’வும் ஒரே முடிவை நோக்கிச் செல்வதால், வினாத்தாளில் மதிப்பெண் பிரித்துக் கொடுக்கப்படாவிட்டாலும் அந்தப் பக்கம்தான் கனமானது என்று கொள்ள வேண்டும். அதன்பிறகு அட்டவணையின் ஓரத்தில் நிமிடங்களையும் எழுதப் பழக்கினேன்: விளக்கத்துக்கு 10, ஒப்பீட்டுக்கு 12, மதிப்பீட்டுக்கு 13, சரிபார்க்க 3.

அட்டவணைக்கு எட்டாதவை

இந்த முறை சில இடங்களில் உதவாது. ‘விவரிக்க’ என்ற ஒரே கட்டளை உள்ள குறுவினாவுக்கு அட்டவணை வரைவது வீண் வேலை. அங்கே வரிசைப்படுத்திய நான்கு குறிப்புகள் போதும். ‘விவாதிக்க’, ‘ஆராய்க’ ஆகிய சொற்களைத் தேர்வு நடத்துவோர் எல்லோரும் ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை. ஓரிடத்தில் ‘விவாதிக்க’ என்றால் இருதரப்பு வாதங்களும் முடிவும் வேண்டும், மற்றோரிடத்தில் பல கோணங்களைக் காட்டினாலே போதும். ஆகவே மூன்றாம் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை அந்தந்தத் தேர்வின் மதிப்பெண் திட்டத்தையும் பழைய வினாக்களையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஓரிடத்தில் பழகிய அட்டவணையை வேறிடத்தில் அப்படியே பொருத்தினால், மிகுந்த ஒழுங்கோடு தவறான விடை வரும்.

அறிவின் குறையையும் அட்டவணை நிரப்பாது. ஆனால் குறை எங்கே என்பதை எழுதத் தொடங்கும் முன்பே காட்டிவிடுகிறது. சான்றுக் கட்டம் காலியாக இருந்தால், வேறு அளவுகோலுக்கு மாறுவதற்கு அந்த ஏழு நிமிடத்துக்குள் வாய்ப்பு உண்டு. விடையின் நடுவில் அது தெரியவந்தால், மாணவர் தெரிந்ததை எழுதி இடத்தை நிரப்பத் தொடங்குகிறார். முதல் விடையின் அறிகுறிப் பத்தி அப்படி வந்ததாகத்தான் மாணவியே சொன்னார்.

சில வாரங்கள் கழித்து வேறொரு பாடத்தில் அவர் எழுதிய விடைத்தாளைப் பார்க்க நேர்ந்தது. “ஆற்றின் குறுக்கே அணை கட்டுவதன் நன்மைகளையும் பாதிப்புகளையும் சுட்டிக்காட்டி, பெரிய அணைகள் தேவையா என ஆராய்க” என்பது வினா. ‘சுட்டிக்காட்டி’, ‘ஆராய்க’ இரண்டின் கீழும் கோடு இருந்தது. ‘பெரிய’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிசைகள் கொண்ட அட்டவணை, அதன் ஓரத்தில் நிமிடங்கள். இரண்டாம் வரிசையின் சான்றுக் கட்டத்தில் ஒன்றை எழுதி அடித்துவிட்டு, அதற்கு மேலே வேறொன்றை எழுதியிருந்தார்.